மஞ்சள் சுவரைப் படத்திலேயே கடல்பச்சை ஆக்கிப் பார்த்தேன்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் பல ஆண்டுகளாக மஞ்சள். பெயின்டரை அழைப்பதற்கு முன், கடல்பச்சை அடித்தால் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கைபேசியில் எடுத்த ஒரு படத்தை கிம்ப் மென்பொருளில் திறந்து உட்கார்ந்தேன். மூன்று மாலைகள் ஆயின.

முதல் மாலை முழுவதும் சுவரைத் தேர்ந்தெடுப்பதிலேயே போயிற்று. `Select by Color` கருவியில் `Select by` என்ற இடத்தை `LCh Hue` என மாற்றினால், வெளிச்சம் கூடக்குறைய இருந்தாலும் ஒரே நிறச்சாயல் உள்ள இடங்களை அது ஒன்றாகப் பிடித்துவிடும். வெயில் படும் இடத்தில் சொடுக்கினேன். சுவரோடு தேக்குக் கதவும் பித்தளைக் குத்துவிளக்கும் சேர்ந்தே வந்தன, ஏனென்றால் மரப்பழுப்பின் சாயல் மஞ்சளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. `Threshold` அளவை 15இலிருந்து 8ஆகக் குறைத்ததும் கதவு விலகியது. ஆனால் மூலை நிழலில் எறும்பு அரித்ததுபோல் ஓட்டைகள் விழுந்தன. இருண்ட இடத்தில் நிறம் மங்கி, சாயல் புள்ளிக்குப் புள்ளி தடுமாறுவதே காரணம்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது வரிசையை மாற்றியதுதான். முதலில் கதவையும் விளக்கையும் விட்டுவிட்டுச் சுவரைச் சுற்றி உத்தேசமாக ஒரு கோடு போட்டேன். பிறகு 15 அளவிலேயே சாயல் தேர்வை வைத்து, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் எடுத்தேன். மிச்சமிருந்த ஓட்டைகளை `Quick Mask` போட்டு வெள்ளைத் தூரிகையால் அடைத்தேன். விளிம்பை ஒரு பிக்சல் வெளியே தள்ளி, சற்றே மென்மையாக்கினேன். அப்படித் தள்ளாவிட்டால் சுவிட்சுப் பலகையைச் சுற்றி மஞ்சள் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். JPEG படங்களில் நிறத் தகவல் பெரும்பாலும் வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் நிறம் எல்லை தாண்டிக் கசிகிறது.

இரண்டாம் மாலை நிறம். மேலே ஒரு பச்சை அடுக்கை வைத்து அதன் முறையை `LCh Color` என மாற்றினேன். கரணை இழுத்த தடம், பழைய ஆணித்துளை, எல்லாம் அப்படியே தெரிந்தன. ஆனாலும் சுவர் பிளாஸ்டிக் போல இருந்தது. ஜன்னல் பக்கம் வானத்தின் நீல ஒளியும், உள்பக்கம் பல்பின் மஞ்சள் ஒளியும் விழுகின்றன. ஒரே பச்சையைப் போர்த்தியதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எனவே அந்த அடுக்கை நீக்கிவிட்டு, படத்தின் நகல் அடுக்குக்குத் தேர்வையே முகமூடியாக மாட்டி, அதன்மேல் `Hue-Chroma` பயன்படுத்தினேன். சுவரின் சாயல் ஏறக்குறைய 88 பாகை. அதை 100 பாகை நகர்த்தி, நிறச்செறிவைக் குறைத்தேன். இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடும் கூடவே நகர்ந்து வந்ததால் சுவருக்கு உயிர் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. மஞ்சள் வெளிச்சமான நிறம்; நான் நினைத்த பச்சை அதைவிட அடர்த்தி. `Lightness` அளவைக் கீழே இழுத்தேன், மூலைகள் கரியாகிவிட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிகிறது. சுவரின் வெளிச்சப் பகுதி 220, மூலை நிழல் 110 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு. இரண்டிலும் 60ஐக் கழித்தால் 160, 50 ஆகி, வித்தியாசம் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. உண்மையான பெயின்ட் வெளிச்சத்தைக் கழிப்பதில்லை; விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது பெருக்கல். `Levels` பெட்டியில் `Output Levels` என்பதன் மேல் எல்லையை 255இலிருந்து 185க்கு இறக்கினேன். இப்போது 160, 80. நிழல் அதே இரு மடங்கில் நிற்கிறது, மூலை மூலையாகவே தெரிகிறது.

மூன்றாம் மாலை அம்மாவிடம் காட்டினேன். “சுவர் சரிதான், மேலே ஏன் இன்னும் மஞ்சளாக இருக்கிறது?” என்றார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். வெள்ளைக் கூரையில், சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு, பழைய சுவரிலிருந்து தெறித்த மஞ்சள் ஒளி தங்கியிருந்தது. சுவர் மாறினால் தெறிக்கும் ஒளியும் மாற வேண்டும். இன்னொரு நகல் அடுக்கு எடுத்து, அதன் நிறச்செறிவை மட்டும் குறைத்து, சுவரிலிருந்து விலக விலக மங்கும் முகமூடியை மாட்டினேன். கதவுச் சட்டத்தின் வெள்ளை விளிம்புக்கும் அதையே செய்தேன். ரெட் ஆக்சைடு தரையில், சுவரோரம் ஒரு மஞ்சள் பளபளப்பு இன்னும் இருக்கிறது. அங்கே தரையின் சிவப்பும் சுவரின் மஞ்சளும் கலந்திருப்பதால் சாயல் தேர்வு இரண்டையும் பிரிக்க மறுக்கிறது. அதைக் கையால்தான் வரைந்து எடுக்க வேண்டும்.