முதல் அழுகை எத்தனை மணிக்கு?

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

மதியம் ஒரு மணிக்கு ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து 14 மாதப் பையனைக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் வார்டிலிருந்து வந்த சீட்டில் 'வாந்தி, அழுகை' என்று மட்டும் எழுதியிருந்தது. ஸ்கேன் அறைக்குள் நுழையும்போது பையன் அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தான். ஜெல் தடவுவதற்குள் திடீரென்று இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டான். ஒரு நிமிடம் போல அழுகை, பிறகு மறுபடி அதே துவளல். அம்மாவிடம் கேட்டேன்.

"காலையில நாலு மணியிலிருந்து இப்படித்தான் சார். விட்டு விட்டு அழுறான். அழுது முடிச்சா கண்ணைத் தொறக்கவே மாட்டேங்குறான்."

விட்டு விட்டு வரும் வலி, நடுவில் சோர்வு. ஒன்றரை வயதுக்குள் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், மற்றதை யோசிப்பதற்கு முன் குடல் செருகலைப் பார்த்துவிட வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி, பெருங்குடலின் ஆரம்பத்துக்குள் நுழைந்துவிடுவது. சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துவிட்டது போல, ஒன்றுக்குள் ஒன்று.

உயர் அதிர்வெண் லீனியர் ப்ரோபை எடுத்து, வலது அடிவயிற்றில் தொடங்கிப் பெருங்குடல் போகும் வழியிலேயே மேலே நகர்ந்தேன். கல்லீரலுக்குக் கீழே வந்ததும் திரையில் டார்கெட் வந்து நின்றது, அம்பு எய்யும் இலக்குப் பலகை போல வளையத்துக்குள் வளையம். வெளியே கறுத்த தடித்த வளையம், அதுதான் நீர் கோத்த குடல் சுவர். அதற்குள்ளே ஒருபக்கம் பிறைபோல வெள்ளையாக ஒரு பட்டை. அந்த வெள்ளைதான் முக்கியம். குடல் உள்ளே போகும்போது தன்னோடு இழுத்துக்கொண்டு போன குடல்தாங்கியின், அதாவது குடலைப் பிடித்து நிறுத்தி ரத்தக் குழாய்களைக் கொண்டுவரும் சவ்வின், கொழுப்பு அது. அதற்குள் இரண்டு சின்ன நெறிக்கட்டிகளும் தெரிந்தன. குறுக்களவு 3.4 செ.மீ. பெருங்குடலில் தேங்கிய மலமும் சில நேரம் வளையமாகத் தெரிந்து ஏமாற்றும். ஆனால் அதில் இந்தக் கொழுப்பும் நெறிக்கட்டியும் இருக்காது.

டாப்ளர் வைத்ததும் சுவரில் நிறம் ஓடியது. ரத்த ஓட்டம் இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே நீர் தேங்கவில்லை. வலி தொடங்கி ஒன்பது மணி நேரம். ஆசனவாய் வழியாக நீர் ஏற்றும் எனிமாவிலேயே சரியாகிவிட நல்ல வாய்ப்பு உண்டு என்று குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவருக்குப் போன் செய்தேன்.

அதே நாள், இரவு

பையன் 9 கிலோ. முதலில் கையில் ஊசி போட்டு, கிலோவுக்கு 20 மி.லி. கணக்கில் 180 மி.லி. சலைன் ஏற்றினார்கள். பல முறை வாந்தி எடுத்திருந்தான், நாக்கு வறண்டிருந்தது. இதைத் தவிர்த்துவிட்டு அவசரப்படக் கூடாது. எக்ஸ்ரேயில் குடலிலிருந்து வயிற்றுக்குள் கசிந்த காற்று இல்லை, வயிறும் மிருதுவாக இருந்தது. குடல் ஓட்டையாகியிருந்தாலோ, வயிறு விறைத்திருந்தாலோ எனிமாவைத் தொடவே கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் சொல்லி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

ஆசனவாயில் ஃபோலி குழாய், வெதுவெதுப்பான சலைன், பாட்டில் மேஜையிலிருந்து சுமார் மூன்றடி உயரம். என் ப்ரோப் வயிற்றின் மேலேயே. நீர் பெருங்குடலில் நிரம்பிக்கொண்டே போய் அந்த டார்கெட்டைப் பின்னுக்குத் தள்ளுவது திரையில் தெரியும். கல்லீரல் பக்கத்திலிருந்து மெதுவாக வலது அடிவயிறு வரை இறங்கி, இரு குடலும் சேரும் வால்வில் வந்து மாட்டிக்கொண்டது. அங்கேதான் எப்போதும் தகராறு. மூன்று நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு நீரை வடித்தோம். இரண்டாவது முறை பிடித்தபோது வளையம் சட்டென்று காணாமல் போய், சிறுகுடலுக்குள் நீர் பாய்ந்தது. வளையம் மறைந்தால் மட்டும் போதாது, சிறுகுடலில் நீர் நிறைவதைக் கண்ணால் பார்த்தால்தான் முழுதாக விடுபட்டது என்று சொல்வேன். வால்வு வீங்கியிருப்பதால் அதுவே மிச்சமிருக்கும் கட்டிபோலத் தெரியும், அதை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன்.

பையன் எனிமா முடிந்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். இந்தத் தூக்கம் வேறு மாதிரி, கூப்பிட்டால் முனகுகிறான்.

ஆகஸ்ட் 6, புதன்

ரவுண்ட்ஸில் பையனின் ஆயாவைப் பார்த்தேன். விடிந்ததுமே தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார். "ஒரு தடவை வெளிக்கும் போனான் சார், நல்லாத்தான் போனான், அதான் வயித்துல ஒண்ணும் இல்லைன்னு இருந்துட்டோம்." அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் முதலில் வழக்கம்போல வந்துவிடும், படித்தவர்களையும் அது ஏமாற்றுகிறது.

ரத்தமும் சளியும் கலந்த மலத்துக்காகக் காத்திருப்பதுதான் என்னை உண்மையாகவே கலங்க வைக்கிறது. உள்ளே இழுபட்ட குடல்தாங்கியில் முதலில் நசுங்குவது சிரை. ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. சுவர் வீங்குகிறது, வீக்கம் இன்னும் நசுக்குகிறது. உள்சுவர் சிதைந்து கசியும்போதுதான் அந்தச் சிவந்த மலம் வருகிறது. கடைசியில் தமனியும் அடைபட்டால் குடல் அழுகும். வலி, வாந்தி, ரத்த மலம் மூன்றும் சேர்ந்து வரும் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரத்தம் வந்த பிறகு கண்டுபிடிப்பது பல நேரம் தாமதமாகக் கண்டுபிடிப்பதுதான்.

ஆகஸ்ட் 9, சனி

பேதியோடு வந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு டார்கெட். ஜூனியர் டாக்டர் பதறிப்போய் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போன் எடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். குறுக்களவு 1.3 செ.மீ., உள்ளே வெள்ளைக் கொழுப்பு அநேகமாக இல்லை, நெறிக்கட்டியும் இல்லை, இருக்கும் இடம் பெருங்குடல் வழியும் அல்ல. சிறுகுடலுக்குள் சிறுகுடல். குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அரை மணி கழித்துத் திரும்பப் பார்த்தபோது வளையம் தானாகவே பிரிந்துவிட்டது. இரண்டு செ.மீ.க்கு உள்ளே இருந்து, குழந்தைக்கு வலியும் இல்லையென்றால், பொறுத்து மறுபடி பார்ப்பதே சரி. இரண்டரைக்கு மேல் போய்க் கொழுப்பும் இருந்தால் பொறுக்கக் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜவ்வாது மலையிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை. வலி தொடங்கி இரண்டு நாளுக்கு மேல். ரத்த மலத்தைப் பார்த்து சீதபேதி என்று வழியில் ஓரிடத்தில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். வயிறு உப்பி, தொட்டால் விறைக்கிறது. திரையில் அதே வளையம்தான், ஆனால் டாப்ளரில் ஒரு புள்ளி நிறம்கூட இல்லை, அடுக்குகளுக்கு இடையே நீர் தேங்கி நிற்கிறது. நிறம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் குடல் செத்துவிட்டது என்று நான் முடிவு கட்டுவதில்லை, அழுகிற குழந்தையில் டாப்ளர் தவறலாம். ஆனால் விறைத்த வயிறு பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. நேராக தியேட்டர். கறுத்துப்போன குடலில் 15 செ.மீ. வெட்டி எடுத்து இணைத்தார்கள். குழந்தை ஐ.சி.யு.வில் இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது.

ஒடுகத்தூர் பையன் போன வாரமே வீட்டுக்குப் போய்விட்டான். பத்தில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம், பெரும்பாலும் முதல் சில நாட்களில். அதனால் அதே மாதிரி அழுதால் வேறெங்கும் போகாமல் நேரே இங்கே வரச் சொல்லி அனுப்பினோம்.

இன்று மாலை குழந்தைகள் வார்டில் பேசி ஒன்று முடிவானது. வயிற்று ஸ்கேனுக்கு வரும் சீட்டில், குழந்தையின் வயதுக்கு அடுத்த வரியில், முதல் அழுகை எத்தனை மணிக்கு என்று எழுதி அனுப்புவார்கள். அந்த வரி உள்ள சீட்டை வரிசையில் வைக்காமல் உடனே உள்ளே விடச் சொல்லி எங்கள் ரிசப்ஷனிலும் சொல்லிவிட்டேன்.