குறுப்பு நாட்டுச் சுவரில் ஒரு சந்தி விளக்கு

ஊத்துக்குளியிலிருந்து விஜயமங்கலம் போகிற வழியில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்னச் சிவன் கோயில். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். கல்வெட்டு என்றாலே புதையல் குறிப்பு என்று நம்பி ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பக்கமெல்லாம் பழைய கணக்கில் குறுப்பு நாடு. ‘கொங்கிற் குறும்பில் குரக்குத் தளியாய்’ என்று சுந்தரர் பாடிய குரக்குத்தளி, சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்ரீசுவரர் கோயில், இங்கிருந்து அதிக தூரமில்லை. வண்டியில் போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நான் முழுநாளும் இந்தச் சின்னக் கோயிலின் தெற்குச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெற்குச் சுவருக்குத் தை மாதக் காலைதான் சரியான நேரம். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து எழும்பும். வெயில் சுவரை நேராக அடிக்காமல் கிழக்கிலிருந்து தடவிக்கொண்டு போகும். உளி வெட்டிய ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் வெளிச்சம் என்று எழுத்து எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் அதே சுவரைப் படம் எடுத்தால் வெறும் கருங்கல்தான் தெரியும். சுண்ணாம்பு, மாவு எதையும் தேய்க்கத் தேவையில்லை. தண்ணீரில் நனைத்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

எழுத்து இருப்பது சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிட்டானத்தில், மூன்று பட்டையாகச் செதுக்கிய குமுதம் என்ற கல்வரிசைக்கு மேலே உள்ள நீண்ட கற்களில். இங்கே படம் எடுக்கிறவர்கள் பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு கல்லை அழகாகச் சட்டத்துக்குள் அடக்கி எடுத்துவிட்டு, அதில் உள்ள ஐந்து வரியையும் மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். பொருளே வராது. ஏனென்றால் வரி அந்தக் கல்லோடு முடிவதில்லை. முதல் வரி சுவரின் மேற்கு முனையில் தொடங்கி, கல் இணைப்புகளைத் தாண்டி, சுவர் முன்னே பிதுங்கும் இடத்தில் மூலை திரும்பி, கிழக்கு முனை வரை போய்த்தான் முடியும். இரண்டாவது வரிக்கு மறுபடியும் மேற்கே வர வேண்டும். அதனால் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் பாதியைத் தன்னுள் வைத்திருக்குமாறு வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். மூலைகளைத் தனியாக, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும்.

சரி, முதல் வரிக்கு வருவோம். கல்லில் இருக்கிறபடியே இன்றைய எழுத்தில் வைத்தால் இப்படி வரும்:

ஸ்வஸ்திஸ்ரீ வீரராசெநதிர தெவறகு யாணடு ௰௩ வது குறுபபு நாடடில…

புள்ளியே இல்லை. கல்வெட்டுக்காரர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எந்த எழுத்து மெய், எந்த எழுத்து உயிர்மெய் என்பதை நாம்தான் சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டும். ‘தெ’ என்பது தெ-வாகவும் இருக்கலாம், தே-வாகவும் இருக்கலாம். இரட்டைச் சுழிக் கொம்பு வீரமாமுனிவர் காலத்து ஏற்பாடு, 18ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்தைய கல்லில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். அதனால் ‘தெவறகு’ என்பது தேவற்கு, அதாவது தேவர்க்கு.

‘வீரராசேந்திர’ என்ற பெயரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இந்தக் கையெழுத்தில் ர எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவ வேறுபாடே இல்லை. இரண்டும் தலையில் சிறிய மடிப்போடு நிற்கிற ஒரு குத்துக்கோடு. வீ-க்குப் பிறகு அப்படி மூன்று கோடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது ர, இரண்டாவது ர, மூன்றாவது அந்த இரண்டாவதற்கான கால். கல்லைப் பார்த்து மட்டும் இதைப் பிரிக்க முடியாது. இந்த நாட்டில் வீரராசேந்திரன் என்று ஒரு அரசன் இருந்தான் என்று தெரிந்தவருக்குத்தான் அது வீரராசேந்திரன். தெரியாதவருக்கு வேலியில் நட்ட மூன்று குச்சி.

இதனால்தான் நான் எப்போதும் வாய்பாட்டிலிருந்து தொடங்குவேன். கல்வெட்டின் தலையில் ஸ்வஸ்திஸ்ரீ, கிரந்த எழுத்தில் கூட்டெழுத்தாக இருக்கும். கடைசியில் ‘பன்மாஹேஸ்வர ரக்ஷை’, சிவனடியார்களின் காவலில் இது இருக்கட்டும் என்ற முடிப்பு. நடுவில் யாண்டு, நாட்டு, சந்திராதித்தவரை. இந்தச் சொற்கள் இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால், அவற்றிலிருந்து அந்தக் கல்தச்சரின் ய எப்படி, த எப்படி, ண எப்படி என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளலாம். அப்புறம் தெரியாத சொல்லுக்குப் போகும்போது அந்தத் தாள்தான் அரிச்சுவடி. கல் தேய்ந்த இடத்தில் ப, ய, வ, ம நான்குமே உள்சுழி போய் வெறும் பெட்டியாகிவிடும். அங்கே அச்சுப் புத்தக அட்டவணை உதவாது. அதே கை எழுதிய வேறொரு ய-வோடு ஒப்பிட்டால்தான் வழி தெரியும்.

இனி ஆண்டு, அதாவது அரசனின் ஆட்சியாண்டு. ௰ என்பது பத்து, ய எழுத்தின் சாயலில் இருக்கும். ௩ என்பது மூன்று, ங போல. பழைய முறையில் இருபத்துமூன்று என்றால் முன்னால் ஒரு ௨ சேர்த்து ௨௰௩ என்று எழுதுவார்கள். நம் படத்தில் யாண்டுக்கும் ௰-க்கும் நடுவே உ மாதிரி ஒரு வளைவு மங்கலாகத் தெரிந்தது. இருந்தால் 23, இல்லாவிட்டால் 13. பத்து வருஷ வித்தியாசம்.

கைப்பேசி டார்ச்சைக் கல்லோடு ஒட்டி வைத்து, முதலில் இடப்பக்கமிருந்தும் பிறகு கீழிருந்தும் வெளிச்சம் விழும்படி படம் எடுத்துப் பார்த்தேன். உளி போட்ட கோடு என்றால் இரண்டு சரிவும் நடுவில் கூர்மையாகச் சந்திக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் நிழலுக்கு ஒரு வெட்டான விளிம்பு இருக்கும். இந்த வளைவு அப்படியில்லை. ஆழமற்ற கிண்ணம் மாதிரி குழிந்து, விளிம்பே இல்லாமல் கல்லோடு கரைந்துவிட்டது. பொருக்கு உதிர்ந்த தடம்தான். தவிர, யாண்டுக்கும் ௰-க்கும் நடுவே இன்னோர் எழுத்து நுழையும் அளவுக்கு இடமும் இல்லை. ஆக, 13.

கொங்குச் சோழன் வீரராசேந்திரன் 1207இல் பட்டத்துக்கு வந்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்த வருஷத்தையே முதலாம் ஆண்டாக எண்ணினால் பதின்மூன்றாம் ஆண்டு 1219-20. தஞ்சைச் சோழர்களிலும் ஒரு வீரராசேந்திரன் உண்டே என்று கேட்கலாம். அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரைதான், அவனுக்குப் பதின்மூன்றாம் ஆண்டே கிடையாது. ‘வீரமே துணையாகவும்’ என்று தொடங்கும் அவனுடைய மெய்க்கீர்த்தியும், கல்வெட்டின் தலையில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி, இங்கே இல்லை.

மீதி வரிகளையும் கோத்து, புள்ளி வைத்து, நெடில் பிரித்து எழுதினால் கிடைப்பது இது. அடைப்புக்குள் உள்ளவை அழிந்த இடங்கள்:

ஸ்வஸ்திஸ்ரீ வீரராசேந்திர தேவற்கு யாண்டு ௰௩வது குறுப்பு நாட்டில் [...] வெள்ளாளன் [....]ந்தைகளில் [..]ன் ஆளுடையார்க்கு வைத்த சந்தியாதீபம் ஒன்று. இதுக்கு ஒடுக்கின பழஞ்சலாகை அச்சு ஒன்று. இவ்வச்சு ஒன்றும் கைக்கொண்டு இவ்விளக்குச் சந்திராதித்தவரை எரிப்போமாக இக்கோயில் காணியுடைய சிவப்பிராமணரோம். இது பன்மாஹேஸ்வர ரக்ஷை.

இன்றைய பேச்சில் சொன்னால்: குறுப்பு நாட்டு வெள்ளாளர் ஒருவர் சாயங்கால விளக்கு ஒன்று எரிக்க ஒரு பழஞ்சலாகை அச்சுக் காசு கொடுத்தார். கோயிலில் பூசை உரிமை உள்ள குருக்கள்மார் அதை வாங்கிக்கொண்டு, சூரியனும் சந்திரனும் உள்ளவரை விளக்கு எரிப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். காசு எண்ணெய்க்கு அல்ல, முதலுக்கு. அதிலிருந்து வரும் வருமானத்தில் விளக்கு எரியும். கொங்குக் கோயில்களில் இந்த வகைக் கல்வெட்டு ஏராளம். அரசன் கொடுத்த ஊர், படையெடுப்பு என்று தேடி வருகிறவர்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு விளக்கு, ஒரு காசு, அவ்வளவுதான் கணக்கு.

நான் தாளில் எழுதிக்கொண்டிருந்ததைக் கோயில் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங் தம்பி, பொதையல் கிதையல்னு ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?” என்றார்.

“இல்லீங்கய்யா, வெளக்குக்குக் காசு குடுத்த கணக்குங்க. உங்க பக்கத்து ஆளு ஒருத்தரு குடுத்திருக்காரு.”

“எந்தக் கூட்டம்னு இருக்குதுங்களா?”

சரியான கேள்வி. இந்த வகைக் கல்வெட்டில் கொடையாளியின் கூட்டப் பெயரையும், அதாவது குலப் பிரிவின் பெயரையும், எழுதுவார்கள். ‘பையர்களில் இன்னான்’, ‘சாத்தந்தைகளில் இன்னான்’ என்று வரும். இன்றைக்குக் கல்யாணப் பேச்சில் கேட்கிற அதே கூட்டப் பெயர்கள். நம் கல்லில் ‘வெள்ளாளன்’ என்பதன் கடைசி ன வரை தெளிவு. அப்புறம் கரண்டுப் பெட்டிக்குக் கம்பி போகத் துளை போட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சிமெண்ட் முடிகிற இடத்தில் ந, அடுத்து இரண்டு கொம்பு, ஒரு த. இரண்டு கொம்பு சேர்ந்தால் ஐகாரம். ஆக ‘ந்தைகளில்’ மட்டும் மிச்சம்.

பெரியவர் சாத்தந்தை கூட்டம். சந்தோஷமாகிவிட்டார். ஆனால் ந்தை என்று முடிகிற கூட்டம் அது ஒன்று மட்டுமல்ல. ஆந்தை, கண்ணந்தை, பொருளந்தை எல்லாம் உண்டு. அதே வரியில் மற்ற எழுத்துகளை அளந்து பார்த்தால் துளை விழுங்கியது சுமார் நான்கு எழுத்து இடம். ஆந்தைக்கு ந-வுக்கு முன்னால் ஆ ஒன்றே ஒன்று, அது போதாது. பொருளந்தைக்குக் கொம்பு, ப, கால், ரு, ள என்று ஐந்து, இடம் கொள்ளாது. சாத்தந்தைக்கு ச, கால், த, த என்று நான்கு, கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கண்ணந்தையும் பொருந்தும்! க, ண, ண மூன்றுதான் என்றாலும், மூன்று சுழி போட்ட ண இந்தக் கையில் மற்ற எழுத்துகளைவிட ஒன்றரை மடங்கு அகலம்.

இதை அவருக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் சிமெண்டைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, “அப்ப எங்குளுதுன்னே எழுதிப்போடுங்க, யாரு வந்து கேக்கப்போறா?” என்றார். நான் நாலு புள்ளிதான் வைத்தேன்.

அந்தப் புள்ளிகளை நிரப்ப ஒரு வழி பாக்கி இருக்கிறது. துளை போடுவதற்கு முன் யாராவது இந்தச் சுவரை மைப்படி எடுத்திருந்தால் அதில் எழுத்து முழுசாக இருக்கும். ஈரத் தாளைக் கல்லில் அறைந்து, காய்கிற சமயத்தில் மை ஒற்றி எடுப்பது மைப்படி. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887இலிருந்தே வருகின்றன, படியெடுத்த கல்வெட்டுகளின் பட்டியல் அவற்றில் ஊர்வாரியாக இருக்கும். தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருப்பூர் மாவட்டம் 2009இலும் ஈரோடு மாவட்டம் 1979இலும்தான் வந்தன. பழைய அறிக்கைகளில் இந்த ஊர்களெல்லாம் கோயமுத்தூர் மாவட்டத்துக்குள் கிடக்கின்றன.