டிப்ளமோ என்ற ஒரு சொல்

2024 ஏப்ரல் 4, வியாழக்கிழமை. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து, சரியாக மதியம் இரண்டரைக்கு ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் வேலை நேர்காணலுக்காக வீடியோ அழைப்பில் சேர்ந்தேன். அங்கே யாரும் இல்லை. பத்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் மின்னஞ்சலைப் பார்த்தேன். ஒன்றரைக்கே வந்து எனக்காகக் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர்கள் அனுப்பிய கடிதத்தில் `10:00 CET` என்று இருந்தது. `CET` என்பது ஜெர்மனியின் குளிர்கால நேரம், அதற்கும் நம் நேரத்துக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். அதைக் கூட்டித்தான் இரண்டரை என்று எழுதி வைத்திருந்தேன். ஆனால் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். அந்த வருடம் அது மார்ச் 31. அதிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான். கோடைக்கால நேரத்துக்கு `CEST` என்று எழுத வேண்டும். பழக்கத்தில் வருடம் முழுக்க `CET` என்றே எழுதுகிறவர்கள் அங்கே நிறைய பேர். அந்த எழுத்துகளை நம்பாமல், அந்தத் தேதியில் அந்த ஊரில் மணி என்ன என்று பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு யார் நேரம் கொடுத்தாலும், "உங்களுக்குக் காலை 10, எனக்கு மதியம் 1.30, சரிதானே?" என்று இரண்டு மணியையும் எழுதிப் பதில் அனுப்பிவிடுகிறேன். கணக்கு தப்பாக இருந்தால் அவர்களே திருத்திவிடுவார்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பெருந்தன்மையோடு அடுத்த வாரம் இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்று நேரம் தப்பவில்லை, வேறொன்று தப்பியது.

நான் பத்தாவது முடித்ததும் 2008ல் தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தேன். 2011ல் லேட்டரல் என்ட்ரியில் பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. 2014ல் பி.இ. நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவர் இப்படிப் படித்தவர் இருப்பார். அதனால் என் சுயவிவரத்தில் இரண்டே வரி: டிப்ளமோ 2008–2011, பி.இ. 2011–2014.

எதிரில் இருந்த துறைத் தலைவர் வயதில் மூத்தவர். திரையில் அவர் பெயருக்கு முன்னால் `Dipl.-Ing.` என்று இருந்தது. அழுத்தக் கலன்களின் வெல்டிங் பற்றி அரை மணி நேரம் கேட்டார், நன்றாகவே போனது. பிறகு படிப்புக்கு வந்தார். "டிப்ளம் முடித்த பிறகு எதற்காக பேச்சிலர் படித்தீர்கள்?" என்றார். வேலைக்கு உதவும் என்பதற்காக, என்றேன். அவர் முகத்தில் குழப்பம் போகவில்லை. "பேச்சிலர் மூன்று வருடம்தானா? முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் எங்கே?" என்று மனிதவளத் துறைப் பெண்மணி கேட்டார். எனக்குக் கிடையாது, நேராக மூன்றாம் செமஸ்டரில் சேர்ந்தேன் என்றேன். தாள்களைத் தொலைத்துவிட்டு ஏதோ சமாளிக்கிறேன் என்றுதான் அது அவர்கள் காதில் விழுந்திருக்கும். இரண்டு வாரத்தில் மறுப்பு வந்தது. காரணம் எழுதவில்லை.

முன்பு எங்கள் தொழிற்சாலையில் இருந்து, இப்போது ஷ்டுட்கார்ட்டில் வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, நீ டிப்ளமோன்னு எழுதின இடத்திலேயே அவங்க நின்னுட்டாங்க. இங்க டிப்ளம்னா பெரிய படிப்பு" என்றார். பேச்சிலர், மாஸ்டர் முறை வருவதற்கு முன்பு அங்கே பொறியாளர்கள் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தின் பெயரே டிப்ளம். அந்தத் துறைத் தலைவர் வாங்கியதும் அதுதான். அவர் கண்ணுக்கு நான், பெரிய பட்டத்தை வாங்கிவிட்டு அதைவிடச் சின்னப் பட்டத்துக்குப் போய் உட்கார்ந்தவன். அந்தப் பட்டத்தையும் 18, 19 வயதில் வாங்கியவன். எதை நம்புவார்?

அந்த இரவே சுயவிவரத்தை மாற்றினேன். டிப்ளமோ என்ற சொல்லை எடுத்துவிட்டு, "பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு பாலிடெக்னிக் படிப்பு, பொறியியல் பட்டத்தின் முதலாம் ஆண்டுக்கு ஈடாக ஏற்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சான்றிதழில் உள்ள பெயரை அடுத்த வரியில் சின்ன எழுத்தில் வைத்தேன், ஏனென்றால் இரண்டும் பொருந்த வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் தொழிற்பயிற்சிக்குச் சமம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி நேரம் நிறுவனத்திலேயே வேலை, என் படிப்பு அப்படி இல்லை. சமம் என்று நாமே சொல்வதைவிட, என்ன படித்தோம் என்று சொல்வதுதான் நிற்கும்.

அதோடு ஒரு பக்கத்தில் இரண்டு கோடு வரைந்தேன். மேல் கோட்டில் 10+2+4. கீழ்க் கோட்டில் 10+3+3. இரண்டும் 16 வருடத்தில் ஒரே பி.இ. பட்டத்தில் வந்து முடியும். கீழ்க் கோட்டில் முதல் இரண்டு செமஸ்டர் இருக்க வேண்டிய இடத்துக்கு நேராக "பாலிடெக்னிக்கில் படிக்கப்பட்டது" என்று குறித்தேன். மதிப்பெண் பட்டியல்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தை வைத்தேன். கேள்வி வரும் முன்பே பதில் கண்ணில் பட வேண்டும்.

என் பட்டத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பதையும் பார்த்தேன். வெளிநாட்டுப் படிப்புகளுக்கு ஜெர்மானியர்கள் `anabin` என்று ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். அதில் கல்லூரியை விட்டுவிட்டு, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தேட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேராக `H+` என்று இருக்கிறது, அதாவது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம். ஆனால் பி.இ. என்றால் நான்கு வருடப் படிப்பு, என் தாள்களிலோ மூன்று வருடம்தான் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை வாயால் தீர்க்க முடியாது. அதனால் `ZAB` என்ற அவர்களுடைய அரசு அலுவலகத்துக்கு 208 யூரோ கட்டி, என் பட்டத்துக்கென்று தனியாக ஒப்பீட்டுச் சான்று வாங்கினேன். பேச்சிலர் நிலைக்கு இணை என்று வந்தது. சின்னத் தொகை இல்லை. லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்களுக்கு அது வீணாகாது என்பது என் கருத்து.

வேறொரு நிறுவனத்தின் நேர்காணலில் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் படிப்பைப் பற்றி இரண்டே நிமிடம்தான் பேசினார்கள். மீதி நேரமெல்லாம் இடம் பெயர்வதைப் பற்றி. எப்போது வருவீர்கள், குடும்பம் வருமா, பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். முதல் நிறுவனத்தில் இதே கேள்விக்கு, "எப்போது வேண்டுமானாலும் வருகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லியிருந்தேன். நம் ஊரில் அது ஆர்வம். அங்கே, இவர் இன்னும் வீட்டில் பேசவே இல்லை என்று அர்த்தம்.

இந்த முறை முந்தின நாளே மனைவியோடு உட்கார்ந்து பேசியிருந்தேன். "முதல்ல நீங்க போங்க, வீடு பாத்து முடிச்சதும் நானும் பாப்பாவும் வர்றோம். அம்மாவைக் காட்பாடியில அண்ணி பாத்துக்குவாங்க" என்று அவள் சொன்னாள். அதையே சொன்னேன். இங்கே 60 நாள் நோட்டீஸ், அதற்கு மேல் சென்னையில் விசாவுக்கு ஆகும் நாட்கள், ஆக மொத்தம் ஐந்து மாதம் வேண்டும் என்றேன். பட்டதாரிகளுக்கான ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் போகிறவரின் மனைவிக்கு விசா வாங்க முன்கூட்டியே ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை என்று பார்த்து வைத்திருந்தேன், அதையும் சொன்னேன். ஐந்து மாதம் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அந்தப் பெண்மணி குறித்துக்கொண்டு, "அப்படியானால் மார்ச்" என்றார்.

ஒப்பந்தம் வந்தபோது சேரும் நாள் மார்ச் 1 என்று இருந்தது.