எழுவதற்கு எதற்கு ஒரு 'மே'?

மார்ச் 4

ஸ்பானிஷில் எழுகிறேன் என்பதற்கு 'மே லெவந்தோ', பிரெஞ்சில் 'ஜு மு லேவ்'. குளிப்பது, உடுத்துவது, படுப்பது எல்லாவற்றுக்கும் இதே கதைதான், 'என்னை' என்று பொருள்படும் ஒரு 'மே' அல்லது 'மு' ஒட்டிக்கொண்டே வரும். 'தினசரி வேலை என்றால் இதைச் சேர்க்கணும்' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் காரணம் தினசரியில் இல்லை, அந்த வினைகளுக்குள்ளேயே இருக்கிறது.

'லெவந்தார்' என்றால் எழுவது இல்லை, எழுப்புவது, தூக்குவது. 'அகொஸ்தார்' என்றால் படுக்க வைப்பது. தமிழில் எழு, எழுப்பு என்று தனித்தனியாக இருப்பதால் நமக்குச் சிக்கல் இல்லை. அங்கே கையில் இருப்பது 'எழுப்பு' மட்டும்தான், அதனால் என்னை நானே எழுப்புகிறேன் என்று சொல்லித்தான் எழுந்தாக வேண்டும்.

மார்ச் 5

ஓர் அம்மாவின் இரவை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்குப் பிள்ளையைப் படுக்க வைக்கிறாள்: 'அக்வெஸ்தா அல் நின்யோ'. பதினோரு மணிக்கு அவளே படுக்கிறாள்: 'செ அக்வெஸ்தா'. வினை ஒன்றுதான், அது யார் மேல் போய் முடிகிறது என்பதுதான் வேறு. 'தன்னை' என்று பொருள்படும் அந்த 'செ'யை விட்டுவிட்டு 'அக்வெஸ்தா' என்று மட்டும் சொன்னால், கேட்பவருக்கு 'யாரைப் படுக்க வைக்கிறாள்?' என்று வாக்கியம் பாதியில் தொங்கும். நாள் முழுக்க நம் உடம்புக்கு நாம் செய்கிற வேலைகளில் பல, குழந்தைக்கோ நோயாளிக்கோ இன்னொருவர் செய்யக்கூடியவைதான். இந்த வினைகள் காலை நேரப் பாடத்தில் கூட்டமாக வருவது அதனால்தான்.

மார்ச் 7

இன்றைக்குக் கை கழுவுவது. 'மே லாவோ லாஸ் மானோஸ்', நேராகப் பெயர்த்தால் 'எனக்குக் கைகளைக் கழுவுகிறேன்'. யாருடைய கை என்பதை 'மே' சொல்லிவிடுவதால் 'என்' என்ற சொல்லே தேவையில்லை.

பிரெஞ்சில் இதற்கு எழுத்திலும் ஒரு விளைவு உண்டு. அவள் தன்னைக் கழுவிக்கொண்டாள் என்னும் 'எல் ஸே லாவே'யில் கழுவப்பட்டது அவளே, அதனால் வினையின் கடைசியில் பெண்பாலுக்கான கூடுதல் எழுத்து வரும். 'எல் ஸே லாவே லே மேங்' என்று கைகளைச் சேர்த்துவிட்டால் அந்த எழுத்து போய்விடும், ஏனென்றால் இப்போது கழுவப்பட்டவை கைகள், அவள் இல்லை. காதுக்கு இரண்டு 'லாவே'யும் ஒன்றுதான், எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம். ஸ்பானிஷில் இந்தத் தொல்லை கிடையாது.

மார்ச் 8

சரி, காலை உணவு சாப்பிடுவதும் தினசரி வேலைதானே? 'தெசயூனோ', அவ்வளவுதான், 'மே' கிடையாது. சாதாரணமாக அதை இன்னொருவர் மேல் செய்ய முடியாது.

தூக்கம்தான் இதில் அழகு. 'தொர்மி ஓச்சோ ஓராஸ்', எட்டு மணி நேரம் தூங்கினேன். 'மே தொர்மி' என்றால் கண் அசந்துவிட்டேன், அதாவது தூக்கத்துக்குள் நுழைந்த அந்த நொடி. இங்கே என்னை நானே தூங்க வைத்தேன் என்ற பொருள் இல்லை, நிலை மாறியதைத்தான் 'மே' காட்டுகிறது. பிரெஞ்சில் அந்த நொடிக்கு 'ஸாந்தோர்மீர்' என்று தனி வினையே உண்டு, அதிலும் 'ஸு' ஒட்டியிருக்கிறது.