‘ஆறியது’ என்ற சொல்லுக்குக் கயிற்றில் இடம் தேடிய கதை

நீரின் சூட்டைக் குறிக்கும் சொற்களை அட்டைகளில் எழுதிக் கயிற்றில் வரிசையாகக் கோக்கும் வேலையில், எந்த இடத்திலும் நிற்க மறுத்துக்கொண்டிருந்த ‘ஆறியது’ என்ற சொல்லுக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

கோக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடும் குளிர்ச்சியும் படிநிலை எதிர்ச்சொற்கள். ‘உயிரோடு இருக்கிறது, இறந்துவிட்டது’ என்ற இணையில் ஒன்றை மறுத்தால் மற்றொன்று தானே உண்மையாகிவிடும். சூட்டில் அப்படி ஆவதில்லை. சூடாக இல்லாத நீர் குளிர்ச்சியாகவும் இல்லாமல் இருக்கலாம். இடையில் இருக்கும் அந்த இடைவெளியைச் சொற்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைப் பார்ப்பதே என் வேலை. காய்ச்சல் உடம்பின் ‘கணகண’, போர்வைக்குள் கிடைக்கும் ‘கதகதப்பு’, காற்றில்லாத மாலையின் ‘புழுக்கம்’ ஆகியவை நீருக்கு ஒட்டாதவை. புழுக்கத்தில் சூட்டோடு ஈரமும் கலந்திருப்பதால் அது ஒற்றைக் கயிற்றில் நிற்கவும் நிற்காது. ஆகவே இவற்றைத் தனி உறையில் எடுத்து வைத்துவிட்டு, நீரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எது மேலே, எது கீழே என்று கண்டுபிடிக்க நான் நம்பியிருப்பது ‘ஆவது’ என்ற சிறிய இடைச்சொல்லை. “சூடா இல்லாட்டியும் வெதுவெதுப்பாவது இருக்கு” என்று சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் உறுத்துவதில்லை. அதையே திருப்பி, “வெதுவெதுப்பா இல்லாட்டியும் சூடாவது இருக்கு” என்று சொன்னால் கேட்பவர் நெற்றியைச் சுருக்குகிறார். ‘ஆவது’ ஒட்டிக்கொள்ளும் சொல் எப்போதும் கீழ்ப்படியில் இருப்பது. மறுக்கப்படும் சொல் மேற்படியில் இருப்பது. “எது அதிகச் சூடு?” என்று நேரடியாகக் கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்லி, பிறகு தமக்குள் வாதிடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டி, “இப்படிச் சொல்வீர்களா?” என்று மட்டும் கேட்டால் விடைகள் ஒன்றுபோலவே வருகின்றன. நான் இதுவரை கையாண்ட சோதனைகளில் இதைவிடக் கூர்மையான ஒன்றைக் கண்டதில்லை.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. நீர் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடிப்பதற்கு என்று வைத்துக்கொண்டால், “சூடா இல்லாட்டியும் சில்லுன்னாவது இருக்கணும்” என்ற வாக்கியமும் செல்லும். அங்கே பேசுபவர் விரும்புவது ஏதேனும் ஒரு முனையை. இரண்டும் கெட்டானாக இருப்பதைத்தான் அவர் வெறுக்கிறார். இந்த விடையை அப்படியே ஏற்றுக்கொண்டால் ‘சில்’ என்பது சூட்டுக்கு அடுத்த கீழ்ப்படியாகிவிடும், கயிறு வளையமாகிவிடும். குழந்தையைக் குளிப்பாட்ட என்று சொல்லிக் கேட்டால் இந்தக் குழப்பம் எழுவதில்லை. ஆகவே குளிர்ப்பக்கம் போகும்வரை எல்லாக் கேள்விகளையும் குளியல் நீரை வைத்தே கேட்டேன்.

அப்படிக் கேட்டதில் சூட்டுப்பக்கம் வரிசை எளிதாக அமைந்துவிட்டது. உச்சியில் கொதிக்கிற நீர், அதற்குக் கீழே ஆவி பறக்கிற நீர், பிறகு வெறுமனே சூடான நீர், அதன் கீழ் கை பொறுக்கும் சூடு, கடைசியில் வெதுவெதுப்பு. ‘இளஞ்சூடு’ என்ற அட்டையை வெதுவெதுப்புக்கு மேலேயும் கீழேயும் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ‘ஆவது’ ஒட்டவில்லை. அவை ஒரே படிக்குரிய இரண்டு சொற்கள். ஒன்று எழுத்திலும் மருந்துச் சீட்டு விளக்கத்திலும் வாழ்கிறது, மற்றொன்று அடுக்களையில் வாழ்கிறது. உச்சியில் இருக்கும் ‘கொதிக்கிற’ மட்டும் ‘கொஞ்சம்’ என்ற அடையை ஏற்பதில்லை. கொஞ்சம் சூடு உண்டு, கொஞ்சம் கொதி இல்லை. அது முனையைத் தொட்டுவிட்ட சொல்.

இப்போது ‘ஆறியது’. பள்ளிப் பாடத்தில் சூட்டுக்கு எதிர்ச்சொல் குளிர் என்று படிக்கிறோம். ஆனால் சோற்றுக்கும் காப்பிக்கும் நாம் அன்றாடம் சொல்லும் எதிர்ச்சொல் ‘ஆறிட்டு’ என்பதுதான். காப்பி குளிர்ந்துவிட்டது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. ஆகவே அதை வெதுவெதுப்புக்குக் கீழே, நடு இடைவெளியில் மாட்டினேன். “வெதுவெதுப்பா இல்லாட்டியும் ஆறியாவது இருக்கு” என்ற வாக்கியத்தை ஒருவரும் ஏற்கவில்லை. மேலே ஏற்றி, “சூடா இல்லாட்டியும் ஆறியாவது இருக்கு” என்று கேட்டேன், அதையும் ஏற்கவில்லை. எந்த அட்டைக்கு அருகிலும் பொருந்தாத ஒரே அட்டையாக அது நெடுநாள் மேசையிலேயே கிடந்தது.

முடிச்சை அவிழ்த்தது அடுத்த வீட்டு ஆச்சி தம் பேத்திக்குத் தயிருக்கு உறை ஊற்றும் பக்குவம் சொன்ன வாக்கியம். “பாலைக் காய்ச்சி ஆற வச்சி, வெதுவெதுன்னு இருக்கையில ஒறை ஊத்தணும்ட்டி. ரொம்ப ஆறிட்டுன்னா ஒறையாது.” இதில் பால் ஆறியும் இருக்கிறது, வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. ஒரே கயிற்றில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படிகள் என்றால் ஒரே பால் ஒரே நேரத்தில் இரண்டிலும் நிற்க முடியாது. அடுத்த வாக்கியம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது: ‘ரொம்ப ஆறிட்டு’ என்பதில் ‘ரொம்ப’ அளப்பது பால் எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்பதை. கொதித்த பால் 45 பாகைக்கு இறங்கினாலும் ஆறியதுதான், 30 பாகைக்கு இறங்கினாலும் ஆறியதுதான்; முதலாவதில் தயிர் நன்றாக உறையும், இரண்டாவதில் உறைவது மந்தமாகிவிடும்.

ஆகவே ‘ஆறியது’ கயிற்றில் ஓர் இடத்தின் பெயர் அன்று, கயிற்றின் வழியே கீழ்நோக்கி நடந்த நடையின் பெயர். முன்பு சூடாக இருந்த பொருளுக்கு மட்டுமே அது பொருந்தும். கிணற்றிலிருந்து இறைத்த நீரை யாரும் ஆறிய நீர் என்று சொல்வதில்லை. காய்ச்சி இறக்கிய வெந்நி அதே அளவுக்கு வந்து நின்றால் அது ஆறின வெந்நி. வெப்பமானியில் இரண்டும் ஒரே கோட்டைக் காட்டும். சொல் மட்டும் அவற்றின் பழைய கதையைக் கேட்டுப் பிரித்து வைக்கிறது.

இந்த வெளிச்சத்தில் ‘பச்சைத் தண்ணீர்’ என்ற அட்டையையும் கழற்றிவிட்டேன். அது நடுவில் அழகாக உட்கார்ந்திருந்தது, ‘ஆவது’ சோதனையும் அதை வெளிப்படையாகத் தள்ளவில்லை. ஆனால் திருநெல்வேலியில் மே மாதப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது அடுப்பைக் காணாத பச்சைத் தண்ணீர், ஆனாலும் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். “பச்சத் தண்ணியே சுடுதே” என்ற வாக்கியம் முரண்பாடாகத் தோன்றுவதில்லை என்றால், அது சூட்டுப் படியில் இருக்கும் சொல்லாக இருக்க முடியாது. ஆறியதும் பச்சையும் இப்போது கயிற்றுக்குப் பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளாகத் தனி அட்டையில் இருக்கின்றன.

அவை இரண்டும் போனபின் நடுவில் வெற்றிடம் விழுந்தது. அதற்குரிய தமிழ்ச் சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன். “சூடுமில்ல, குளுருமில்ல” என்று இரண்டையும் மறுத்துச் சொல்வதைத் தவிர வேறு வழக்கு கிடைக்கவில்லை. மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1944-இல் வெளியான தம் கட்டுரையில் படிநிலைச் சொற்களின் நடுவில் இப்படி ஒரு நடுநிலைப் பகுதி இருப்பதை விளக்கியிருக்கிறார். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 36 பாகைக்குள் இருக்கையில் சூடோ குளிரோ தனியாக உணரப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இடத்தில் சொல் இல்லாதது இயல்பாகவே தோன்றுகிறது. வெற்று அட்டை ஒன்றையே அங்கே மாட்டியிருக்கிறேன்.

சூடும் குளிரும் நீளம், குட்டை போன்ற இணையும் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். சாண் அளவு கயிற்றைக் காட்டியும் “எவ்வளவு நீளம்?” என்று கேட்கலாம், அந்தக் கேள்வி கயிறு நீளமானது என்று முடிவு கட்டுவதில்லை. “தண்ணி எவ்வளவு சூடா இருக்கு?” என்று கேட்பவரோ அது சூடு என்று முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார், “எவ்வளவு குளுரா இருக்கு?” என்பதும் அவ்வாறே. சொற்பொருளியல் அறிஞர் டி. ஏ. குரூஸ் 1986-இல் இவற்றை வெவ்வேறு வகைகளாகப் பிரித்துக் காட்டியது தமிழுக்கும் பிசகாமல் பொருந்துவதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன்.

பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டைகளுக்கு ஜங்ஷன் பக்கத்து அச்சகம் ஒன்றில் திருமண அழைப்பிதழ் வெட்டியதுபோக மிஞ்சும் கெட்டி அட்டைத் துண்டுகளை வாங்குகிறேன். எடைக்குத் தருகிறார்கள், மடங்குவதில்லை. வெப்பமானிக்கு, பாளையங்கோட்டையில் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் 110 பாகைவரை காட்டும் சிவப்புத் திரவக் கண்ணாடிக்குழாயைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சலுக்கு வைக்கும் வெப்பமானி 42-க்கு மேல் காட்டாது. ஆயினும் வெப்பமானியை நான் எல்லை வகுக்கப் பயன்படுத்துவதில்லை. மார்கழி விடியலில் தாமிரபரணியில் இறங்கினால் நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்கிறோம். அதே நீரை நண்பகல் வெயிலில் நடந்து வந்து தொட்டால் சில்லென்றிருக்கிறது என்கிறோம். ஆற்றின் வெப்பநிலை இதற்கிடையில் பெரிதாக மாறுவதில்லை, சுற்றியுள்ள காற்றும் நம் தோலும்தான் மாறுகின்றன. பாகை எண்களை அட்டைகளில் எழுதினால் இந்த உண்மை மறைந்துவிடும்.

குளிர்ப்பக்கம் இன்னும் முடியவில்லை. ‘ஐஸ் மாதிரி’ அடிமுனையில் உறுதியாக நிற்கிறது. அதற்கு மேல் குற்றால அருவிக்குச் சொல்லும் ‘சில்’. மண்பானை நீருக்குச் சொல்லும் ‘குளுமை’தான் இப்போது தொல்லை தருகிறது. அது குளிர்ச்சியின் அளவை மட்டும் சொல்லாமல், அந்தக் குளிர்ச்சி பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சூட்டுப்பக்கத்தில் இப்படி விருப்பத்தையும் ஏந்தும் சொல் ‘இதமான சூடு’ என்று இரண்டு சொற்களாகத்தான் கிடைக்கிறது. குளியல் நீரை வைத்துக் கேட்டால் குளுமைக்கு விடை வரவில்லை, குடிநீரை வைத்துக் கேட்டால் முன்னே சொன்ன வளையச் சிக்கல் வருகிறது. வெயில் காலத்தில் கால் கழுவும் நீரை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் ஈரத்திலிருந்து காய்ந்ததுவரை செல்லும் அடுத்த கயிற்றுக்கும் அட்டைகள் எழுதத் தொடங்கிவிட்டேன். அங்கே ‘நமத்துப்போனது’ என்ற சொல், முன்பு மொறுமொறுப்பாக இருந்த முறுக்குக்கு மட்டுமே பொருந்துவதால், ‘ஆறியது’ போலவே அம்புக்குறி அட்டைக்குத்தான் போகும் என்று எதிர்பார்க்கிறேன்.