ஒரு மில்லிக்கு இரண்டரை கிலோ

"ஆளுக்குப் பதினாறு கிலோதானே அண்ணே, நாம ரெண்டு பேரே தூக்கிடலாம்" என்றான் கூட வேலை செய்த தம்பி. அந்தப் பதினாறு கிலோ கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

கண்ணாடி எடைக்கு ஒரே ஒரு எண் போதும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ. டஃபன்டு என்றாலும் சாதா என்றாலும் இதே எடைதான். சூடாக்கிக் குளிர்வித்தால் வலுதான் கூடும், எடை கூடாது. அன்று வந்திருந்தது 1800-க்கு 1200 மில்லி ஜன்னல் கண்ணாடி. பரப்பு 2.16 சதுர மீட்டர். சீட்டில் '6' என்று கண்ணில் பட்டதும் 2.16 × 6 × 2.5 போட்டு 32.4 கிலோ என்று முடித்துவிட்டேன்.

சீட்டில் முழுதாக இருந்தது 6-12-6. இரட்டைக் கண்ணாடி: ஆறு மில்லி, நடுவில் பன்னிரண்டு மில்லி காற்று இடைவெளி, மறுபடி ஆறு. தூக்கி ஓரடி வைப்பதற்குள் தம்பியின் மணிக்கட்டு நடுங்கியது. நல்லவேளையாகக் காலடியிலேயே ரப்பர் கட்டை கிடந்தது. விளிம்பை அதன்மேல் இறக்கிவிட்டோம். கண்ணாடி மட்டும் 12 மில்லி, ஆக 64.8 கிலோ. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளியைத் தாங்கும் ஓரச்சட்டமும் பசையும் தனி. நான்கு பேர் பிடிக்க வேண்டியதை இருவர் பிடித்திருந்தோம்.

இதற்கு நேர்மாறாக, மொத்தத் தடிமன் 24 மில்லி என்று பார்த்து 129.6 கிலோ சொல்பவர்களும் உண்டு. அந்தத் தப்பில் ஆள் கூடுதலாக வரும், அவ்வளவுதான். எனவே டேப்பை வைத்து மொத்தத்தை அளந்தால் போதாது. காற்றைக் கழித்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் விளிம்பில் பார்த்தாலே ஓரச்சட்டம் தெரியும்.

எடை தெரிந்த பிறகுதான் வண்டியின் கவலை ஆரம்பிக்கும். அதே அளவில் பத்து கண்ணாடி, 648 கிலோ. படுக்க வைக்காமல், A எழுத்து வடிவில் இரு பக்கமும் சரிவுள்ள ஏ ஃப்ரேம் ஸ்டாண்டில் லேசாகச் சாய்த்து நிறுத்துவோம், பக்கத்துக்கு ஐந்து. இரு பக்கமும் 324 கிலோ இருக்கும் வரை ஸ்டாண்டு அசையாது. கைக்கு எட்டுகிற பக்கம் என்று ஐந்தையும் அங்கிருந்தே இறக்கினால், எதிர்ப்பக்கத்து 324 கிலோ தனியாக நின்று ஸ்டாண்டை இழுக்கும். வண்டியோடு கட்டாத ஸ்டாண்டு அப்படிச் சரிந்தால் கை கொடுத்து நிறுத்த முடியாது. ஆகவே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்றுதான் இறக்குவேன். நடை கூடுகிறது என்று தம்பி இன்றும் முணுமுணுப்பான்.

சக்‌ஷன் கப்பில், அதாவது கண்ணாடியில் ஒட்டித் தூக்கும் கைப்பிடியில், எழுதியிருக்கும் தூக்கும் அளவு, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக்குச் சொன்னது. வெட்டும் தூள் படிந்திருந்தால் துடைத்துவிட்டுத்தான் ஒட்டுவேன்.

இப்போது ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு காகிதம் ஒட்டுகிறோம்: அளவு, கண்ணாடித் தடிமன் மட்டும், எடை, எத்தனை ஆள். அன்றைய ஜன்னல் காகிதத்தில் 65 கிலோ, 4 ஆள் என்று தம்பியே எழுதினான்.