கடல் எவ்வளவு ஏறும் என்று மகள் கேட்டபோது

பத்து வயதுப் பிள்ளை காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பயந்துபோய்க் கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அதன் மனதில் ஓடும் படம் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். என் மகளுடன் கடந்த மாதங்களில் இதைப் பேசிப் பேசி வந்ததில், மற்ற எல்லாவற்றையும்விட எங்களுக்கு உதவியது இதுதான். வன்னியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் கூடப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் முள்ளியவளையில் இருக்கிறோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு மகள் மழைச் சத்தம் கேட்டாலே எழும்பி உட்கார்ந்துவிடுவாள். முல்லைத்தீவுக் கடற்கரைக்கு அருகே இருக்கும் சித்தி வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். ஒருநாள் இரவு, "அம்மா, கடல் ஏறி யாழ்ப்பாணம், முல்லைத்தீவு எல்லாம் மூடுமாமே, உண்மையே?" என்று கேட்டாள். யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றைப் பெரியவர்களின் போனில் பார்த்திருக்கிறாள்.

"கடல் ஏறுறது எப்பிடி இருக்கும் எண்டு நினைக்கிறீங்கள், மகள்? கீறிக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன். வரைந்தாள். பனையைவிட உயரமான ஒரு அலை, அதன் அடியில் ஒரு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் பைகளோடு ஓடும் ஆட்கள்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அலை 2004 மார்கழி 26ஆம் திகதிச் சுனாமி. அவள் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன் நடந்தது. ஆனால் ஒவ்வொரு வருடமும் நினைவு நாளில் எங்கள் வீட்டில் அந்தக் கதை வரும். பைகளோடு ஓடுகிறவர்கள் நாங்கள், 2009இல், சண்டைக்குள். அதுவும் அவள் காணாதது, அம்மம்மா சொல்லக் கேட்டது. காலநிலை மாற்றம் என்று யாரோ சொன்னதும், வீட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு பயங்கள் அந்தப் பெயருக்குள் போய் இருந்துகொண்டன. இதைக் கவனிக்காமல் நான் வெப்பநிலை, வாயு என்று விளக்கத் தொடங்கியிருந்தால், அவளுக்கு அந்தப் பேரலைக்கு ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் அலையைப் பிரித்தேன். சுனாமி கடலுக்கு அடியில் நடக்கும் நிலநடுக்கத்தால் வருவது, பூமி சூடாவதால் வருவதில்லை என்றேன். 2004இல் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் நடுங்கி அலை இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது, அப்போது இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை, இப்போது இருக்கிறது என்பதையும் சொன்னேன். இனிமேல் சுனாமி வராது என்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாத விஷயம், அவளும் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அதன் பிறகு கடல் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு வந்தோம். அவளுடைய அடிமட்டத்தை எடுத்துவரச் சொன்னேன். கடந்த நூறு, நூற்றிருபது வருடங்களில் உலகத்துக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் அளவு உயர்ந்திருக்கிறது. இப்போது வருடத்துக்கு நான்கைந்து மில்லிமீற்றர். "உங்களுக்கு 40 வயசாகேக்க எவ்வளவு ஏறியிருக்கும், கணக்குப் பாருங்கோ" என்றேன். முப்பது வருடத்தை நாலரையால் பெருக்கினாள். 135 மில்லிமீற்றர். அடிமட்டத்தில் பதின்மூன்றரையில் பெருவிரலை வைத்துக்கொண்டு சுவரில் நிறுத்திப் பார்த்தாள். அவளுடைய முழங்காலுக்கும் வரவில்லை. வேகம் இன்னும் கூடிவருவதால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகலாம் என்று சொல்லி, விரலை இன்னும் சில சென்ரிமீற்றர் மேலே நகர்த்தச் சொன்னேன்.

அந்த அடிமட்டம் செய்ததை என்னுடைய எந்த ஆறுதல் வார்த்தையும் செய்திருக்காது. பிள்ளைக்குப் பயம் பெரும்பாலும் அளவு தெரியாததால் வருகிறது. எவ்வளவு, எப்போது என்ற இரண்டும் கையில் வந்ததும் முகம் மாறிவிட்டது.

ஆனால் அங்கேயே நிறுத்தியிருந்தால் அது அரைப் பொய். அடுத்த நாளே அவள் கேட்டாள்: "இவ்வளவுதானே, பிறகேன் எல்லாரும் பயப்பிடினம்?" நல்ல கேள்வி. செங்குத்தான, உயர்ந்த கரையில் பதினைந்து சென்ரிமீற்றர் ஒன்றுமில்லை. எங்கள் கரை மணல், பள்ளம். புயலடிக்கும் நாளில் அலை அந்த உயர்ந்த மட்டத்திலிருந்து கிளம்பும், அதனால் முன்பைவிடக் கொஞ்சம் உள்ளே வரும். நந்திக்கடல் போன்ற களப்பின் ஓரத்தில் இருக்கும் கிணறும் வயலும் மெதுவாக உவராகும். கடல் ஏறுவது அவளுடைய நாற்பது வயதோடு நின்றுவிடவும் போவதில்லை. இதையும் சொன்னேன். இரவில் சொல்லவில்லை. பகலில், இருவரும் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது. கனமான விஷயத்தைப் படுக்கப்போகும் நேரத்தில் தொடங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

ஏன் சூடாகிறது என்பதை விளக்கத் தை மாதம் கைகொடுத்தது. எங்கள் பக்கத்தில் தையில் வானம் வெளித்திருக்கும் இரவுகளில் நல்ல பனி, விடிய எழும்பினால் குளிரும். அதே மாதத்தில் மப்பாக இருக்கும் இரவில் புழுங்கும். பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் மேலே விடுகிறது, முகில் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது. காபனீரொட்சைட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல், எல்லா இரவும் எல்லாப் பகலும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து எரித்து அந்த வாயுவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிவிட்டார்கள். இதை அவள் இரண்டு இரவுகள் முற்றத்தில் நின்று தன் தோலாலேயே பார்த்தாள்.

"அப்ப டித்வா இதாலதான் வந்ததே?" என்றாள். இந்தக் கேள்விக்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்வது நேர்மையில்லை. அம்மம்மாவைக் கேட்கச் சொன்னேன். 1964 மார்கழியில் வன்னியைக் குறுக்கறுத்துப் போன புயல் அவருக்குச் சிறுவயது நினைவு. அதே புயல்தான் அந்தப் பக்கம் தனுஷ்கோடியை அழித்தது. ஆகப் புயல் புதிதல்ல. புதிதாக நடப்பது வேறு: காற்று ஒரு பாகை சூடானால் அதனால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்க முடியும். பூமி ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் சூடாகிவிட்டது. அதனால் புயல் ஒன்று வரும்போது கொட்டுகிற மழை முன்பைவிடக் கனமாக இருக்க வாய்ப்புக் கூடுகிறது. நூறு வாளி கொட்டுகிற இடத்தில் நூற்றேழு வாளி. "குளம் நிரம்பியிருக்கேக்க அந்த ஏழு வாளிதான் வான் பாயும், என?" என்று அவளே சொன்னாள். குளத்தடிப் பிள்ளைகளுக்கு இது சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத கணக்கு.

எதிர்பாராமல் வந்தது குற்ற உணர்வு. அப்பாவின் மோட்டார் சைக்கிளால்தான் கடல் ஏறுகிறதா என்று கேட்டாள். விளக்கை அணை, பிளாஸ்ரிக்கைக் குறை என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, உலகத்தைக் காப்பாற்றும் வேலை தன் தலையில் இருப்பதாகவே நினைத்திருக்கிறாள். இதை உடனே இறக்கி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இலங்கையில் ஆளொருவருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டுத்தான் கணக்கு வருகிறது, உலகச் சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். இருநூறு வருடமாக அதிகம் எரித்தவை பணக்கார நாடுகள். எங்கள் வீட்டு லைற்றுக்கும் நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது என்பது உண்மைதான், ஆனால் அதை மாற்றுவது பெரியவர்களின் வேலை. மன்னாருக்குப் போனபோது பார்த்த காற்றாலைகள் அந்த வேலையில் ஒன்று. அவற்றை எங்கே நடுவது என்று மன்னார்ச் சனம் கேள்வி கேட்பதும் நியாயம். இரண்டையும் சொன்னேன். பத்து வயதுக்கு அது விளங்கும்.

"கடைசியில என்ன நடக்கும்?" என்பதற்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு கூடும் என்றேன். எவ்வளவு கூடும் என்பது இன்னும் முடிவாகவில்லை, எரிப்பதை எவ்வளவு கெதியாக நிறுத்துகிறார்கள் என்பதில் அது இருக்கிறது. காற்றில் சேரும் அளவைச் சுத்தமாக நிறுத்தினால் வெப்பநிலை ஏறுவதும் பெரும்பாலும் நின்றுவிடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கடல் மட்டும் அதன் பிறகும் நெடுங்காலம் மெதுவாக ஏறும். இது பெரியவர்கள் பலருக்கே தெரியாத விஷயம். இனி என்ன செய்தாலும் பயனில்லை, கை மீறிப்போய்விட்டது என்ற எண்ணம்தான் பிள்ளையை உடைக்கும்.

அப்புறம் பை. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று எழுதி, பிறப்பத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி, மருந்து, ரோச் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டு வைப்போம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் பை கட்டுவது என்றால் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். "உது எனக்கு எப்பவும் இருக்கு பிள்ளை" என்றார். மகள் அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அம்மம்மா, இது சண்டைக்கோ?" என்றாள். "அப்ப சண்டைக்கு. இப்ப வெள்ளத்துக்கு. வெள்ளம் வத்தினால் திரும்பி வரலாம்" என்றார். நான் எவ்வளவு பேசியும் பிரிக்க முடியாமலிருந்த இரண்டாவது பயத்தை அவர் அந்த வசனத்தில் பிரித்துவிட்டார். ரோச்சுக்குப் பற்றரி இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது மகளின் பொறுப்பு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அவளே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பொறுப்பு அந்த அளவோடு போதும்.

கொஞ்ச நாள் அவள் ஒரே கேள்வியை ஒவ்வொரு இரவும் கேட்டாள். "வீடு தண்ணிக்குள்ள தாழாதுதானே அம்மா?" அது தகவல் கேட்கும் கேள்வி இல்லை. ஒவ்வொரு தரமும் புதிதாக விளக்கினால் பயம் தீனி தின்னும். "இதுக்கு நேற்றுச் சொன்ன பதில் என்ன?" என்று கேட்டு அவளையே சொல்ல வைத்தேன். படிப்படியாக நின்றது. நிற்காமல் வாரக்கணக்கில் நித்திரை குழம்பினால், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றால், வயிற்றுக்குத்து என்று அடிக்கடி சொன்னால், வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

இப்போது அவளுடைய கேள்விகள் வேறு மாதிரி. களப்போரம் வயல் செய்யும் பெரியப்பாவிடம் போய், "உங்கட வயல் உவராகினால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டிருக்கிறாள். உவரைத் தாங்கும் நெல்லினங்கள் எங்கள் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறார்கள், அதில் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் எவ்வளவு உவர் வரைக்கும் அது தாங்கும் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது என்றாராம். அந்த எல்லை எவ்வளவு என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் வந்து நிற்கிறாள்.